நைட் ஷிப்டுக்குப் பிறகு பகலில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்கவில்லை. வீக் ஆஃபில் எப்படித் தூங்குவது?

கார்த்தி

வணக்கம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான வாய்ஸ் ப்ராசஸில் இருக்கிறேன். ஷிப்ட் இரவு 9:30 முதல் காலை 6:30 வரை. எப்போதும் இதேதான், சுழற்சி கிடையாது. திங்கள் இரவு லாகின் செய்தால் சனிக்கிழமை காலையோடு வாரம் முடிகிறது.

கேபில் வீடு வந்து சேர 7:30 ஆகிவிடும். 8 மணிக்குப் படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடுகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் 11:30க்கு முழிப்பு வந்துவிடுகிறது. அறை இருட்டுதான், சத்தமும் இல்லை. உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தாலும் மறுபடி தூக்கம் வருவதில்லை. சனி, ஞாயிறு இரண்டு இரவும் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது நானும் 11 மணிக்குப் படுத்து காலை 7 மணிக்கு எழுந்துவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் நன்றாக இருக்கிறது. திங்கள் இரவு வந்தால் நிலைமை மோசம். விடிகாலை 4:30 வாக்கில் வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு, எதற்காகப் போட்டோம் என்பதே மறந்துபோகிறது. முகவரியைச் சரிபார்த்து முடித்த பிறகு மறுபடியும் முகவரியைக் கேட்கிறேன்.

வீக் ஆஃபில் இரவில் தூங்குவது சரியா, இல்லை அந்த நாட்களிலும் பகலில்தான் தூங்க வேண்டுமா? இந்த வேலையில் பல வருடம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

வினோத்

தம்பி, எப்போது தூங்குகிறோம் என்பது முக்கியமில்லை, 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. காலையில் மூன்றரை, சாயங்காலம் இன்னொரு மூன்று என்று போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். முழிப்பு வந்துவிட்டால் மெலடோனின் மாத்திரை ஒன்று போட்டால் மறுபடி தூக்கம் வரும். 10 மில்லிகிராம் போடுங்கள், குறைவாகப் போட்டால் கேட்காது.

ஜெனிஃபர்

ஷிப்ட் மாறும்போது குறைந்தது இரண்டு நாள் இடைவெளி தர வேண்டும் என்று உங்கள் டீம் லீடிடம் கேளுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் அமெரிக்க நேரம், அடுத்த வாரம் பிரிட்டன் நேரம், அதற்கடுத்த வாரம் ஆஸ்திரேலிய நேரம். ரோஸ்டர் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். நைட் முடித்த மறுநாளே விடிகாலை லாகின் போட்டிருப்பார்கள். வயிறு, தலைவலி எல்லாமே அதனால்தான். இதற்கு யாராவது வழி சொன்னால் எனக்கும் உதவும்.

கார்த்தி

ஜெனிஃபர் அக்கா, எனக்கு ஷிப்ட் மாறுவதில்லை, வருடம் முழுக்க இதே நேரம்தான். வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும் நடுவில்தான் சிக்கல்.

மருதன்

கார்த்தி, நான் முன்பு கால் சென்டரில் நைட் பார்த்தவன், இப்போது ஒரு தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் நைட் ஷிப்டுக்கு மாறவே இல்லை. அதற்கு அடையாளம் நீங்கள் சொன்ன 4:30தான். ஒரு நாளில் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து நிற்கும் நேரம் ஒன்று உண்டு. இரவில் தூங்கிப் பழகியவர்களுக்கு அது வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வரும். லீவு நாளில் 7 மணிக்கு எழுகிறீர்கள், அப்படியென்றால் உங்களுக்கு அந்தத் தாழ்வு 4, 4:30க்கு வருகிறது. மூளை மிகவும் மந்தமாக இருப்பதும், தூக்கம் கண்ணை இழுப்பதும் அந்த நேரத்தில்தான். அது உங்களுக்குப் போன் காலின் நடுவில் வருகிறது. வர வேண்டியது படுக்கையில்.

11:30க்கு முழிப்பு வருவதற்கும் காரணம் அதுவே. இரவு முழுக்க விழித்திருந்ததால் சேர்ந்த அலுப்பு உங்களை 8 மணிக்குத் தூங்க வைக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் தூக்கத்தைப் பிடித்து வைக்க வேண்டியது உள்கடிகாரம். அதுவோ 'விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது, எழுந்திரு' என்கிறது. அதனால்தான் இருட்டு அறையும் அமைதியும் இருந்தும் பயனில்லை.

சரி, வாரநாளில் பகல் தூக்கம், லீவில் இரவுத் தூக்கம் என்று போவதில் என்ன தவறு? கடிகாரம் வாரத்தின் நடுவில் மெல்ல நகர ஆரம்பிக்கும்போதே சனி, ஞாயிறு வந்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. திங்களன்று எல்லாம் முதலிலிருந்து. அன்றைய கணக்கைப் பாருங்கள்: காலை 7 மணிக்கு எழுந்தவர் மறுநாள் விடிகாலை 4 மணிக்கு 21 மணி நேரமாக விழித்திருக்கிறார். உடல் வெப்பமும் அப்போதுதான் அடிமட்டத்தில். இரண்டும் சேர்ந்து விழுவதால்தான் அந்த இரவு அவ்வளவு மோசம்.

இதற்காக லீவு நாளிலும் பகல் முழுக்கத் தூங்கச் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு இருப்பவர்களால் அது முடியாது. சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் 2008, 2009 வாக்கில் ஒரு நடுவழியைச் சோதித்துப் பார்த்தார்கள். கடிகாரத்தை முழுக்கத் திருப்பாமல், அந்தத் தாழ்வைக் காலை 10 மணி வாக்கில் கொண்டுபோய் நிறுத்துவது. 10 மணி என்பது வேலை நாளின் பகல் தூக்கத்துக்குள்ளும் இருக்க வேண்டும், லீவு நாளின் தூக்கத்துக்குள்ளும் இருக்க வேண்டும். யோசனை அவ்வளவுதான். அவர்கள் எடுத்த ஷிப்ட் இரவு 11 முதல் காலை 7 வரை. உங்கள் நேரத்துக்கு அதைக் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை காலையில் வந்ததும் 8 மணிக்குப் படுத்து பிற்பகல் 3 வரை படுக்கையில் இருங்கள். சனிக்கிழமை காலை மட்டும் 8 முதல் 1 மணி வரை போதும், அதற்கு மேல் தூங்கினால் அன்று இரவு தூக்கம் வராது. சனி இரவும் ஞாயிறு இரவும் விடிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகல் 12 வரை தூங்குங்கள். திங்களன்று நண்பகலில் எழுந்தால், மறுநாள் விடிகாலை 4 மணிக்கு நீங்கள் விழித்திருந்த நேரம் 16 மணிதான். 21 எங்கே, 16 எங்கே?

இன்னொன்றையும் கவனியுங்கள். 8 முதல் 3 வரை ஒரு தூக்கம், 3 முதல் 12 வரை இன்னொரு தூக்கம். இரண்டிலும் 8 முதல் 12 வரை பொதுவாக இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் வரும் நான்கு மணி நேரத் தூக்கம் கடிகாரத்தை அலையவிடாமல் பிடித்து வைக்கிறது என்று மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். மற்ற மணி நேரங்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தலாம். இந்த நான்கில் கைவைக்காதீர்கள்.

கார்த்தி

ரொம்ப நன்றி மருதன் அண்ணா. இதுவரை யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். லீவு நாளில் 3 மணிக்குப் படுத்தால் மட்டும் கடிகாரம் தானாக 10 மணிக்குப் போய்விடுமா? அப்புறம், காலையில் 7 மணி வெயிலில் ஒரு மணி நேரம் கேபில் வருகிறேனே, அது ஏதாவது கெடுக்குமா?

மருதன்

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கடிகாரத்தை நகர்த்தும் பெரிய கை வெளிச்சம்தான். அந்தத் தாழ்வுக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்க நேரம் தாமதமாகும். நமக்கு வேண்டியது அது. தாழ்வுக்குப் பின்னால் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். உங்களுக்கு இப்போது தாழ்வு 4:30. காலை 7 மணி வெயில் அதற்குப் பிறகு வருகிறது. ஆக இரவெல்லாம் ப்ளோர் விளக்கு செய்த கொஞ்ச நஞ்ச வேலையையும் கேப் ஜன்னல் வழியே வரும் வெயில் அழித்துவிடுகிறது.

அதனால் செய்ய வேண்டியது இது. ஷிப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சம் வாங்குங்கள். அந்த ஆய்வில் நள்ளிரவுக்குப் பிறகு மணிக்கு ஒருமுறை 15 நிமிடம் பிரகாசமான விளக்குப் பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். நமக்கு அது கிடைக்காது. ப்ரேக் நேரத்தை மங்கலான ஓய்வறையில் கழிக்காமல், கட்டடத்திலேயே வெளிச்சம் அதிகமான இடம் எதுவோ அங்கே போய்க் கழியுங்கள். மேசை விளக்கு வைக்க அனுமதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் விடிகாலை 4 மணிக்குள் இதை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கம் வேலை செய்யத் தொடங்கும்.

லாக்அவுட் ஆனதும் கறுப்புக் கண்ணாடி. பக்கவாட்டிலும் வெளிச்சம் நுழையாத மாதிரி, முகத்தோடு ஒட்டி வளைந்தது நல்லது. கட்டடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மாட்டிக்கொண்டு, படுக்கை அறைக்குள் போன பிறகு கழற்றுங்கள். ஆனால் ஒன்று: கேபில் பின்சீட்டில் வருபவருக்கு மட்டும்தான் இது. வண்டி ஓட்டி வருபவர் அரைத்தூக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் ஆபத்து.

பிற்பகல் 3 மணிக்கு எழுந்தவுடன் வெளியே போய் ஒரு 15 நிமிடமாவது வெளிச்சத்தில் நில்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடிகாரம் 10 மணியையும் தாண்டிப் பின்னால் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்த வெளிச்சம்தான். நண்பகலில் எழும் லீவு நாட்களிலும் இதே மாதிரி செய்யுங்கள்.

நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம். ஷிப்டில் தூக்கம் மிக மோசமாக வரும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். 4:30ல் வந்தது 5:30க்குப் போகும், அப்புறம் லாக்அவுட் நேரத்துக்குப் போகும், அப்புறம் கேபில் வரும். கடைசியில் படுக்கைக்குள் போய்விடும், அப்போது அதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கூடவே பகலில் தானாக முழிப்பு வரும் நேரமும் 11:30லிருந்து தள்ளிப்போகும். இரண்டும் அசையவே இல்லை என்றால் காலை வெளிச்சம் எங்கிருந்தோ நுழைகிறது என்று அர்த்தம். நல்ல நாளில் ஒரு மணி நேரம் நகரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

செல்வி

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. பகல் 12:30க்கு அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். என் கணவருக்குப் பகல் வேலை. எனக்கும் கார்த்தி சொன்ன அதே ஷிப்ட் நேரம்தான். 3 மணி வரை படுத்திருப்பது என் வாழ்க்கையில் நடக்காது. அப்படியானால் எனக்கு வழியே இல்லையா?

மருதன்

இருக்கிறது செல்வி. வினோத் முதலில் சொன்னதில் ஒரு பாதி உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். தூக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம், மொத்தம் முக்கியம்தான். ஆனால் எந்த நேரத்தில் என்பதும் முக்கியம், அதைத்தான் அவர் விட்டுவிட்டார். 8 முதல் 12 வரையுள்ள நான்கு மணி நேரத்தை வாரம் ஏழு நாளும் காப்பாற்றுங்கள். மீதியைக் கணவர் வந்த பிறகு சாயங்காலம் எடுங்கள். கேப் 8:15க்கு வரும் என்று வைத்துக்கொண்டால் 5 முதல் 7:30 வரை. எழுந்ததும் அரை மணி நேரம் மந்தமாக இருக்கும், அதற்கும் சேர்த்து நேரம் விடுங்கள்.

லாகினுக்கு முன்னால் தூங்கும் இந்தத் தூக்கத்துக்கு ஒரு லாபமும் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருக்கும் நேரக் கணக்கு குறைகிறது. 12 மணிக்கு எழுந்து நேராக வேலைக்குப் போனால் 4 மணிக்கு 16 மணி நேரம். 7:30க்கு எழுந்து போனால் எட்டரைதான்.

செல்வி

சாயங்காலம் 5 மணிக்கு அவள் அம்மா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். ஆனாலும் இது செய்யக்கூடியது போலத் தெரிகிறது. 12 மணி வரைதான் என்று தெரிந்துவிட்டதால், 11 மணிக்கு முழித்துக்கொண்டு இனிமேல் தூங்குவதா எழுவதா என்று தவிக்க வேண்டியதில்லை.

வினோத்

மருதன், நான் மாத்திரை பற்றிச் சொன்னதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. எனக்கு அது வேலை செய்கிறது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தூங்குகிறேன்.

மருதன்

வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன் வினோத். பகல் தூக்கத்துக்கு முன் மெலடோனின் எடுத்தவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் நீளுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், பெரிய அளவில் இல்லை. ஆனால் அது மயக்கித் தூங்க வைக்கும் மருந்து இல்லை. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் செய்தி. அதனால் அளவை விட நேரம் முக்கியம். அரை மில்லிகிராம் போன்ற சிறிய அளவே கடிகாரத்தை நகர்த்தப் போதும். 11:30க்கு முழிப்பு வந்த பிறகு 10 மில்லிகிராம் போட்டால் அது சாயங்காலம் வரை உடம்பில் நிற்கலாம். எழுந்த பிறகும் மந்தமாக இருக்கும், செய்தியும் தவறான நேரத்தில் போகும்.

சில நாடுகளில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இது கிடைக்காது. வேறு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தாமாகவே தொடங்கக் கூடாது. கார்த்திக்கு இப்போது நான் இதைச் சொல்லவே மாட்டேன். முதலில் காலை வெளிச்சத்தைச் சரிசெய்யட்டும்.

வினோத்

அளவைக் குறைத்துப் பார்க்கிறேன். ஆனால் விடுவதாக இல்லை.

நசீர்

என் ஷிப்ட் மாலை 5:30 முதல் விடிகாலை 2:30 வரை. வீடு வர 3:15. ஆனால் 5:30 வரை தூக்கமே வராது. பேசிய போன் கால்கள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வெளுத்த பிறகுதான் கண் அசரும். கார்த்தி மாதிரி எனக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டுமா?

மருதன்

உங்களுக்கு வேண்டாம் நசீர், நீங்கள் இருட்டிலேயே வீடு சேர்ந்துவிடுகிறீர்கள். உங்கள் நிலைமை எவ்வளவோ மேல். தினமும் 4 முதல் 12 என்று வைத்துக்கொண்டால் லீவு நாளிலும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஜன்னலை மட்டும் விடிவதற்கு முன்பே முழுக்க மூடுங்கள். திரை போதாது. ஓரங்களில் வெளிச்சம் கோடு போட்டுக்கொண்டு வரும், அங்கே அட்டை வைத்து ஒட்டுங்கள். கடைசி காபி எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள்?

நசீர்

12:30 ப்ரேக்கில் ஒன்று. 2 மணிக்குக் கண் சொக்கினால் இன்னொன்று.

மருதன்

இரண்டாவதுதான் உங்கள் தூக்கத்தைத் தின்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்தார்கள் என்று 2013ல் ஒரு ஆய்வு வந்தது. அது பல கப் காபிக்குச் சமம், நீங்கள் அவ்வளவு குடிக்கவில்லை. ஆனால் நீங்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான் குடிக்கிறீர்கள். 4 மணிக்குப் படுப்பவர் 10 மணியோடு நிறுத்துவது நல்லது. கார்த்தி 8 மணிக்குப் படுப்பதால் அவருக்கு 2 மணி வரை இடம் இருக்கிறது.

கோமதி

ஒரு விஷயம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நைட் முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புகிறவள். ஒரு நாள் காலை சிக்னலில் நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது என் தெரு முனை. நடுவில் இரண்டு கிலோமீட்டர் இல்லை. தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். அதன் பிறகு கிளம்புவதற்கு முன் ஓய்வறையில் 20 நிமிடம் தூங்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் காற்று படட்டும், பாட்டுக் கேட்கலாம் என்பதெல்லாம் ஏமாற்று. எங்கள் ஷிப்ட் இருக்கும் நேரத்தில் கேப் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மருதன்

கோமதி சொன்னதை எல்லோரும் திரும்பப் படியுங்கள். அந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றால், மூளை சில நொடிகள் விட்டு விட்டுத் தூங்கியிருக்கிறது. கண் திறந்தே இருக்கும். நான் மேலே சொன்ன முறையில் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: தாழ்வு 4:30லிருந்து 10க்குப் போகும் வழியில் சில நாட்கள் 6:30, 7 மணியில் நிற்கும். சரியாக வீடு திரும்பும் நேரம். அந்த நாட்களில் சொந்த வண்டி வேண்டவே வேண்டாம், பஸ்ஸோ யாருடைய பின்சீட்டோ பாருங்கள். வேறு வழியே இல்லை என்றால் கோமதி செய்வது போல முதலில் குட்டித் தூக்கம். 20 நிமிடத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டிவரும், எழுந்த பிறகும் தடுமாற்றம் இருக்கும். எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கார்த்தி

எல்லோருக்கும் நிலவரம் சொல்கிறேன். கண்ணாடி வாங்கிவிட்டேன். ப்ரேக்கில் ட்ரெயினிங் ரூமுக்குப் போய்விடுகிறேன், எங்கள் மாடியில் அங்கேதான் விளக்கு அதிகம். தாளில் குறித்து வருகிறேன். 4:30 என்று இருந்தது இப்போது 6 மணிக்குக் கிட்டே. லாக்அவுட்டுக்கு முந்தைய கடைசி இரண்டு கால்கள்தான் கஷ்டம். பகலில் 1:15 வரை தூக்கம் நிற்கிறது. எழுந்தால் தலை பாரமாக இல்லை.

ஆனால் லீவு நாள்தான் பிரச்சினை. சனி இரவு 3 மணி வரை விழித்திருப்பது சுலபம், அமைதியாக இருக்கிறது, படிக்க நேரம் கிடைக்கிறது. ஞாயிறு காலை 9 மணிக்கு வீட்டில் யாராவது வந்துவிடுகிறார்கள். எழுந்து வந்து பேசு என்கிறார்கள். ஒரு வாரம் எழுந்துவிட்டேன். திங்கள் இரவு பழையபடி 5 மணிக்கு இழுத்தது. ஒரே ஒரு காலைக்கு இவ்வளவு விலையா?

மருதன்

நல்ல முன்னேற்றம் கார்த்தி. ஒரு காலை எழுந்ததால் எல்லாம் போய்விடாது. இரண்டு இரவில் திரும்பிவிடும், செவ்வாய், புதன் தாளைப் பாருங்கள். தவிர்க்கவே முடியாத ஞாயிறு என்றால் எழுந்து பேசுங்கள், ஆனால் முற்றத்திலோ பால்கனியிலோ உட்காராமல் உள் அறையில் உட்காருங்கள், மீதித் தூக்கத்தைப் பிற்பகலில் எடுங்கள். முழுக்கத் தூக்கத்தை விட்டதை விட, காலை 9 மணி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றதுதான் அதிகம் இழுக்கும்.

செல்வி

கார்த்தி, வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்: '12 மணி வரை நைட்.' நைட் ஷிப்ட் என்றால் புரியாதவர்களுக்கு இது புரிகிறது. காலை 10 மணிக்கு என்னை எழுப்புவது அவர்களை இரவு 2 மணிக்கு எழுப்புவது மாதிரி என்று மாமியாரிடம் ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு போனை அவரே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ஜெனிஃபர்

எல்லாம் நிரந்தர ஷிப்டுக்குத்தான் பொருந்துகிறது. என்னைப் போல வாரம் ஒரு நாட்டு நேரம் பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? மருதன் சார், உண்மையைச் சொல்லுங்கள்.

மருதன்

உண்மையைச் சொன்னால், உங்கள் ரோஸ்டருக்குக் கடிகாரத்தை நகர்த்த முயலாதீர்கள் ஜெனிஃபர். நகர்ந்து முடிவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். இரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, மாறும் வரிசை. காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்று தாமதமாகும் திசையில் போனால் உடம்பு ஓரளவு தாங்கும். உங்களுக்கு இப்போது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று தலைகீழாகப் போகிறது. அந்த மூன்றையே எதிர் வரிசையில் போடச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஆள் கணக்கு மாறாது. இன்னொன்று, நைட் முடிந்த மறுநாள் விடிகாலை லாகின் போடாமல் இருப்பது. அது கிடைக்காத வரை லாகினுக்கு முன் தூக்கம், ப்ரேக்கில் 20 நிமிடத் தூக்கம், இவைதான். இவை ஆபத்தைக் குறைக்கும், அலுப்பைத் தீர்க்காது.

தூக்கமின்மை, விழித்திருக்கும்போது தூக்கம், இரண்டும் மூன்று மாதமாக விடாமல் இருந்தால் தூக்க மருத்துவரைப் பாருங்கள். குறட்டை பலமாக இருந்து, மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். அதற்கு ஷிப்ட் காரணமில்லை, எந்த நேரத்தில் தூங்கினாலும் தூக்கம் நிறையாது.

ஜெனிஃபர்

வரிசையை மாற்றக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ரோஸ்டர் போடுபவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். மூன்று ப்ராசஸுக்கும் வேறு வேறு மேனேஜர், அதனால் கஷ்டம் என்கிறார்.

நசீர்

கார்த்தி, இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் எடுப்பார்கள். கடிகாரத்தை மாற்றாத நாட்டிலிருந்து பேசும் நமக்கு லாகின் நேரம்தான் நகரும். நவம்பரில் ஒரு மணி நேரம் தாமதம், அது எனக்குத் தெரியாமலே போய்விடும். மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னதாக லாகின் செய்ய வேண்டும், அந்த வாரம் முழுக்கத் தள்ளாடுவேன்.

மருதன்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தாமதமாவது எளிது, முன்னால் வருவது கஷ்டம். மார்ச்சில் அந்த ஞாயிறு வரை காத்திருக்காமல், முந்தைய புதனிலிருந்தே படுப்பதையும் எழுவதையும் தினம் 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்தவுடன் வெளியே நிற்கும் அந்த 15 நிமிட வெளிச்சத்தை அந்த வாரம் அரை மணி நேரமாக்குங்கள், முன்னால் இழுக்க அது உதவும். ஞாயிறு வருவதற்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நகர்ந்திருக்கும்.

கோமதி

ஐரோப்பிய வாடிக்கையாளர்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் வரும், தேதியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் ப்ளோரில் இரண்டு ப்ராசஸும் இருக்கின்றன. நடுவில் வரும் அந்த வாரங்களில் கேப் நேரமும் ரோஸ்டரும் ஒத்துப்போவதே இல்லை. லாகினுக்கு முன் தூங்குபவர்கள் அந்த வாரம் அலாரத்தைப் பழைய நேரத்திலேயே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.